விபரீத ராஜயோகம் உங்கள் ஜாதகத்தில் உண்மையிலேயே இருக்கிறதா? படிப்படியாகப் பார்க்கும் முறை

"கெட்டவன் கெட்டிடில் கிட்டிடும் ராஜயோகம்" என்ற வரியைச் சொல்லித்தான் எனக்கு என் ஜாதகத்தை விளக்கினார்கள். 6, 8, 12 ஆகிய மறைவு வீடுகளின் அதிபதிகள் அந்த மறைவு வீடுகளிலேயே நின்றால் கெடுதலே நன்மையாக மாறும் என்பதுதான் விபரீத ராஜயோகம். கன்னி லக்னம், பன்னிரண்டாம் அதிபதி சூரியன் எட்டில், எட்டாம் அதிபதி செவ்வாய் பன்னிரண்டில். "இதைவிடச் சுத்தமான விபரீத ராஜயோகம் கிடையாது, சூரிய தசை வரட்டும்" என்றார் பார்த்தவர். வந்தது. அந்த மாதமே வேலையை விட்டேன், கடன் வாங்கித் தொழில் தொடங்கினேன், ஆறு வருடம் கடனோடு போனது.

என் அத்தை மகன் என்னைவிட ஒன்பது நாள் இளையவன். அவனுக்கும் இதே லக்னம், இரண்டு கிரகங்கள் ஒன்றின் வீட்டில் மற்றொன்று நிற்கும் இதே பரிவர்த்தனை. அதே சூரிய தசையில் அவனுக்கு யோகம் வேலை செய்தது. இந்த யோகத்தைப் பொறுத்தவரை ஒரே ஒரு கிரகம்தான் எங்களுக்குள் வித்தியாசம். அதைக் கண்டுபிடிக்க எனக்கு வருடக்கணக்கில் ஆனது. நீங்கள் ஒரு நாள் உட்கார்ந்தால் போதும் என்பதற்காக, நான் பார்த்திருக்க வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. முதலில் பிறந்த நேரத்துக்கு ஆதாரம் தேடுங்கள்

யோகத்தைப் பிறகு பார்க்கலாம். இது லக்னத்திலிருந்து 6, 8, 12 என்று எண்ணிப் பார்க்கிற யோகம், அதனால் லக்னம் தவறினால் எல்லாமே தவறு. ஒரு லக்னம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான் நிற்கும். உங்கள் பிறப்பு லக்னத்தின் தொடக்கத்திலோ கடைசியிலோ இருந்தால் கால் மணி நேரப் பிசகிலேயே அதிபதிகள் மாறிவிடுவார்கள்.

பிறப்புச் சான்றிதழில் பெரும்பாலும் தேதி மட்டும்தான் இருக்கும், நேரம் இருக்காது. பிரசவம் பார்த்த மருத்துவமனையின் குறிப்பு, வீட்டுப் பெரியவர்கள் டைரியிலோ பஞ்சாங்க ஓரத்திலோ குறித்து வைத்தது, குழந்தையாக இருந்தபோது எழுதிய பழைய ஜாதக நோட்டு ஆகிய மூன்றையும் தேடுங்கள். மூன்றிலும் ஒரே நேரம் இருந்தால் அதிர்ஷ்டம். "நாலு மணி", "ஆறு மணி" என்று முழு மணியாக எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். கடிகாரத்தைப் பார்த்தவர் இப்படி எழுதுவது அபூர்வம், நினைவிலிருந்து சொன்னவர்தான் இப்படிச் சொல்வார்.

என் நோட்டில் "மாலை 4 மணி" என்று இருந்தது. நான் பிறந்தது சித்திரை மாதம், சூரியன் மேஷத்தில் பத்து பாகையில். அன்றைக்கு மூன்றரை மணி வாக்கில்தான் சிம்ம லக்னம் முடிந்து கன்னி தொடங்குகிறது. அரை மணி நேரம் முன்னால் பிறந்திருந்தால் அதே சூரியன் லக்னாதிபதியாகி ஒன்பதாம் வீட்டில் உச்சம், அதே செவ்வாய் ஒன்பதாம் அதிபதியாகி லக்னத்தில். அது விபரீதமே இல்லை, நேரடியான ராஜயோகம். கட்டத்தில் எதுவும் நகரவில்லை, எண்ணத் தொடங்கும் இடம் மட்டும்தான் மாறியது. கடைசியில் மருத்துவமனைக் குறிப்பில் 4.05 என்று கிடைத்த பிறகுதான் அடுத்த படிக்குப் போனேன்.

2. மூன்று அதிபதிகளையும், அவர்களின் இன்னொரு வீட்டையும் எழுதுங்கள்

ஒரு தாளில் 6, 8, 12 என்று எழுதி, எதிரில் அந்த ராசிகளின் அதிபதிகளைக் குறியுங்கள். மூன்றாம் வீட்டையும் மறைவு ஸ்தானம் என்று சொல்கிற வழக்கம் உண்டு, ஆனால் இந்த யோகத்துக்கு அதைச் சேர்க்காதீர்கள்.

அடுத்ததாக, அதே கிரகம் வேறு எந்த வீட்டுக்கு அதிபதி என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள். பலரும் தாண்டிப் போகிற இடம் இதுதான். சூரியனுக்கும் சந்திரனுக்கும் ஒரே வீடு, மற்ற ஐந்து பேருக்கும் இரண்டிரண்டு. கெட்ட வீட்டுக்கு உரியவன் கெடும்போது அவனுடைய நல்ல வீடும் சேர்ந்து கெடுமே, அது எந்த வீடு?

மிதுன லக்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் அதிபதி சனியே ஒன்பதாம் அதிபதியும். பன்னிரண்டாம் அதிபதி சுக்கிரனே ஐந்தாம் அதிபதியும். இவர்கள் ஆறிலும் எட்டிலும் போய் உட்கார்ந்தால் விபரீதம் நடக்கிறதோ இல்லையோ, பாக்கியமும் பூர்வ புண்ணியமும் மறைகின்றன. மேஷம், ரிஷபம், துலாம், விருச்சிகம், கும்பம் ஆகிய ஐந்து லக்னங்களில் நிலைமை இன்னும் சிக்கல். அங்கே ஒரு மறைவு வீட்டின் அதிபதியே லக்னாதிபதியாகவும் இருப்பார். அவர் மறைவதை யோகம் என்று கொண்டாட எனக்கு மனம் வருவதில்லை.

சுத்தமாக அமைய வாய்ப்புள்ளது எங்கே? சூரியனோ சந்திரனோ மறைவு வீட்டுக்கு மட்டும் உரியவராகிற லக்னங்களில். சிம்மத்துக்குப் பன்னிரண்டாம் அதிபதி சந்திரன், கன்னிக்குப் பன்னிரண்டாம் அதிபதி சூரியன், தனுசுக்கு எட்டாம் அதிபதி சந்திரன், மகரத்துக்கு எட்டாம் அதிபதி சூரியன், கும்பத்துக்கு ஆறாம் அதிபதி சந்திரன், மீனத்துக்கு ஆறாம் அதிபதி சூரியன். இவர்கள் கெட்டால் கூடவே கெட வேறு நல்ல வீடு இல்லை. இதற்கு அடுத்தபடி, இன்னொரு வீடு மூன்றாம் வீடாக இருப்பவர்கள். கன்னிக்குச் செவ்வாய் அப்படி, 3-க்கும் 8-க்கும் உரியவர். என் ஜாதகத்தைச் "சுத்தம்" என்று சொன்னதற்கு இதுதான் காரணம். அதுவரை அவர் சொன்னது சரிதான்.

3. அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள்

ஆறாம் அதிபதி மறைவில் நின்றால் ஹர்ஷ யோகம், எட்டாம் அதிபதி நின்றால் சரள யோகம், பன்னிரண்டாம் அதிபதி நின்றால் விமல யோகம் என்று பெயர். சொந்த வீட்டிலேயே இருந்தாலும் யோகம்தான் என்று ஒரு சாரார் எடுத்துக்கொள்வார்கள். ஆறுக்குரியவன் எட்டிலோ பன்னிரண்டிலோ இருக்க வேண்டும், எட்டுக்குரியவன் ஆறிலோ பன்னிரண்டிலோ இருக்க வேண்டும், அதாவது வீடு மாறியே ஆக வேண்டும் என்பது இன்னொரு சாரார் கட்சி. நான் இரண்டாவது கட்சி. ஆறாம் அதிபதி ஆறிலேயே பலமாக இருந்தால் எதிரியும் கடனும்கூடப் பலமாகத்தானே இருக்கும்?

இவர்களில் இருவர் வீடு மாறி உட்கார்வது, அதாவது பரிவர்த்தனை, உயர்ந்த வகை என்று சொல்வார்கள்.

இந்த யோகங்களுக்குச் சொல்லப்படும் பலனையும் நிதானமாகக் கவனியுங்கள். ஹர்ஷத்துக்கு உடல்நலமும் எதிரியை வெல்வதும். சரளத்துக்கு நீண்ட ஆயுளும் அஞ்சாமையும். விமலத்துக்கு அளவான செலவும் யாரையும் சார்ந்திராத வாழ்வும். "ராஜ" என்ற சொல்லைக் கேட்டுப் பெரும் பணத்தை நினைத்தவன் நான். இந்தப் பட்டியலை முன்பே பார்த்திருந்தால் கடன் வாங்கியிருக்க மாட்டேன்.

4. கூட யார் இருக்கிறார்கள்? யோகம் உடைவது இங்கேதான்

மறைவு அதிபதிகள் தங்களுக்குள் சேரலாம், பார்த்துக்கொள்ளலாம், வீடு மாறிக்கொள்ளலாம். வேறு வீட்டு அதிபதி யாரும் அந்தக் கூட்டத்தில் சேரக் கூடாது. இதுதான் நிபந்தனை. லக்னாதிபதியோ, 4, 7, 10 என்ற கேந்திர வீடுகளின் அதிபதியோ, 5, 9 என்ற திரிகோண வீடுகளின் அதிபதியோ சேர்ந்துவிட்டால் கெட்டவனோடு சேர்ந்து நல்லவனும் மாட்டிக்கொள்கிறான்.

எங்கள் இரண்டு கட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவருக்கும் கன்னி லக்னம், மேஷத்தில் சூரியன், சிம்மத்தில் செவ்வாய். எனக்குப் புதன் மேஷத்தின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. ஒன்பது நாளில் அது நகர்ந்து அவனுக்கு ரிஷபத்தில் பத்தாம் பாகைக்குப் போய்விட்டது.

கன்னி லக்னத்துக்குப் புதன் யார்? ஒன்றுக்கும் பத்துக்கும் உரியவர், அதாவது நானும் என் தொழிலும். என் கட்டத்தில் அவர் எட்டாம் வீட்டில், பன்னிரண்டுக்கு உரிய விரயாதிபதி சூரியனோடு. சூரியனுக்கும் புதனுக்கும் பதினேழு பாகை இடைவெளி இருப்பதால், சூரியனை மிகவும் நெருங்கிப் பலம் இழக்கிற அஸ்தங்கம் இல்லை என்று என்னைச் சமாதானப்படுத்தினார்கள். அஸ்தங்கம் வேறு, சேர்க்கை வேறு. அஸ்தங்கம் இல்லை என்பதால் லக்னாதிபதி எட்டில் மறைந்தது இல்லை என்று ஆகிவிடாது. அத்தை மகனுக்கோ அதே புதன் ஒன்பதாம் வீட்டில், நட்பு வீட்டில், இந்தக் கூட்டத்தை விட்டு விலகி நிற்கிறார். பரிவர்த்தனையில் சூரியனும் செவ்வாயும் மட்டும்தான்.

பார்வையையும் விடாதீர்கள். எட்டில் இருக்கும் கிரகத்தைக் குரு பார்த்தால் "குரு பார்வை கோடி நன்மை" என்று எல்லோரும் மகிழ்வார்கள். ஆனால் கன்னி லக்னத்துக்குக் குரு 4-க்கும் 7-க்கும் உரியவர். அவர் பார்வையால் வாழ்க்கையில் வேறு நன்மை வரலாம், விபரீத ராஜயோகத்தின் சுத்தம் குறைகிறது என்பதுதான் விதி. எங்கள் இருவருக்குமே அந்தப் பார்வை இல்லை.

ஒரு நியாயமான கேள்வி வரும். மேஷத்தில் சூரியன் உச்சமாயிற்றே, உச்சமானவன் எப்படிக் "கெட்டவன்" ஆவான்? இங்கே ஜோதிடர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கெட வேண்டும் என்றால் நீசமோ பகையோ பெற்றிருக்க வேண்டும் என்பார்கள் சிலர். மறைவில் நிற்பதே கெடுதல்தான், பரிவர்த்தனை என்றால் பலம் கூடுதலாகவே இருக்கலாம் என்பார்கள் சிலர். ஒரே குடும்பத்து இரண்டு ஜாதகத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. உங்கள் ஜோதிடர் எந்தக் கட்சி என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு பேரிடம் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

5. லக்னாதிபதியைத் தனியாகப் பாருங்கள்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தாலும், லக்னாதிபதி தன் காலில் நிற்க வேண்டும். இந்த யோகத்தில் முதலில் ஒரு விழுதல், அப்புறம்தான் எழுதல். விழும்போது தாங்குவது லக்னாதிபதி. அவர் மறைவிலோ நீசத்திலோ இருந்தால் விழுதல் மட்டும் முழுசாக நடக்கும். ராசிக் கட்டத்தோடு நிறுத்தாமல் நவாம்சத்திலும் அவர் எங்கே என்று பாருங்கள்.

6. தசையைக் கணக்கிடுங்கள், இருப்பை நம்புவதற்கு முன் சரிபாருங்கள்

யோகம் வாழ்நாள் முழுக்க வேலை செய்யாது. சம்பந்தப்பட்ட கிரகத்தின் தசையில், முக்கியமாக அந்தத் தசையின் உட்பிரிவான புத்திகளில் அதன் ஜோடியின் புத்தியில் பலன் வரும் என்பார்கள். புத்தியின் நீளத்துக்கு எளிய கணக்கு உண்டு. தசையின் வருடத்தையும் புத்திக்குரிய கிரகத்தின் வருடத்தையும் பெருக்குங்கள். வருகிற எண்ணின் கடைசி இலக்கத்தை மூன்றால் பெருக்கினால் நாள், அதற்கு முன்னால் இருப்பது மாதம். சூரியனுக்கு 6 வருடம், செவ்வாய்க்கு 7. பெருக்கினால் 42. ஆக, சூரிய தசையில் செவ்வாய் புத்தி 4 மாதம் 6 நாள்.

ஆறு வருட தசையில் நாலு மாதம். இந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் ஆறு வருடத்தையும் யோக காலம் என்று நம்பியிருந்தேன்.

அத்தை மகன் கேட்டை நட்சத்திரம். பிறக்கும்போது புதன் தசையில் மீதி, அதாவது இருப்பு, 6 வருடம், அப்புறம் கேது 7, சுக்கிரன் 20. சூரிய தசை தொடங்கியபோது வயது 33. முதலில் சூரிய புத்தி 3 மாதம் 18 நாள், அடுத்து சந்திர புத்தி 6 மாதம். ஆக, தசை தொடங்கி ஒன்பதரை மாதம் கழித்துத்தான் செவ்வாய் புத்தி.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சந்திரன் அரை மணி நேரத்தில் கால் பாகைக்குச் சற்று மேல் நகரும். ஒரு நட்சத்திரம் பதின்மூன்றே கால் பாகைக்குக் கொஞ்சம் அதிகம், புதன் தசைக்கு அதில் 17 வருடம் அடங்குகிறது. அதனால் பிறந்த நேரத்தில் அரை மணி தவறினால் தசை இருப்பு ஏறக்குறைய நாலு மாதம் தள்ளிப் போகும், அதாவது நாம் தேடுகிற புத்தி முழுவதும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சந்திரன் நிலையில் வருகிற வித்தியாசமும் இதே வேலையைச் செய்யும். உங்கள் ஜாதகம் எந்தக் கணிதத்தில் போட்டது என்று கேட்டு அந்தத் தாளிலேயே எழுதி வையுங்கள். ஒரு கணிதத்தில் போட்ட ஜாதகத்துக்கு இன்னொரு கணிதத்தின் புத்தித் தேதிகளை ஒட்டாதீர்கள்.

7. பலன் எந்த உருவில் வருகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்

அத்தை மகன் ஒரு சிறிய பட்டறையில் வேலை பார்த்தான். சூரிய தசை பிறந்ததும் சம்பளம் நிற்க ஆரம்பித்தது. சந்திர புத்தி முழுக்கப் பாக்கி. மூத்தவர்கள் இரண்டு பேர் வெளியேறினார்கள். நான் அப்போது "உனக்கும் யோகம் பொய்தான்" என்று அவனிடம் சொன்னேன். செவ்வாய் புத்தியின் இரண்டாவது மாதத்தில் முதலாளி உடல்நிலை காரணமாகப் பட்டறையை மூட முடிவு செய்தார். சம்பளப் பாக்கிக்கு ஈடாக இரண்டு இயந்திரங்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார், வாடிக்கையாளர்களையும் அவனிடமே அனுப்பினார். அவன் தம்பி துணைக்கு நின்றான்.

இதை வீடுகளோடு பொருத்திப் பாருங்கள். பன்னிரண்டு இழப்பு, எட்டு திடீர் முடிவும் பிறர் வழி வரும் பொருளும், செவ்வாயின் இன்னொரு வீடான மூன்று இளைய சகோதரனும் சொந்த முயற்சியும். பிறருடைய இழப்போ விலகலோ வழியாக வருவதுதான் இந்த யோகத்தின் அடையாளமாகச் சொல்லப்படுகிறது. வாரிசுச் சொத்து, நின்றுபோன பாக்கி, வழக்கில் எதிர்த் தரப்பு விலகுவது, மேலே இருந்தவர் போன இடம் எல்லாம் இந்த வகை. அவன் எதையும் தேடிப் போகவில்லை, பாக்கி இருந்தும் வேலையை விடாமல் இருந்தான், அவ்வளவுதான். அந்த முதலாளியை இன்றும் மாதம் ஒரு முறை போய்ப் பார்க்கிறான்.

நானோ சூரிய தசை தொடங்கியதும் நானாகவே போய்ப் பத்தாம் அதிபதி எட்டில் இருக்கும் ஜாதகத்தில் தொழில் தொடங்கினேன். சந்திர தசை வந்த பிறகுதான் கடன் அடைந்தது. எனக்குச் சந்திரன் பதினொன்றாம் அதிபதி, கடகத்தில் ஆட்சி. ஒழுங்கான, சாதாரணமான யோகம் அதுதான். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

8. செலவு: எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கூடாது

ஜாதகம் பார்க்கப் போகும்போது நான்கு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: லக்னம் எத்தனை பாகை, 6, 8, 12 அதிபதிகளோடு ஒரே கட்டத்தில் இருப்பவர் யார், அவர்களைப் பார்ப்பவர் யார், தசை இருப்பு எவ்வளவு. பார்க்கிற கட்டணம் இதற்குப் போதும்.

யோகத்தைத் "தூண்ட" என்று யாராவது கல்லோ பூஜையோ சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எனக்கு மாணிக்கம் போடச் சொன்னார்கள். மாணிக்கம் சூரியனைப் பலப்படுத்தும் என்பதுதான் அந்த முறையின் கணக்கு. என் லக்னத்துக்குச் சூரியன் விரயாதிபதி, அவரைப் பலப்படுத்தினால் பலப்படுவது விரயம். யோகம் கட்டத்தில் இருந்தால் அது தன் புத்தியில் வரும், இல்லாததைக் கல் உண்டாக்காது.

தசை வருகிறது என்பதற்காக வேலையை விடாதீர்கள், கடன் வாங்காதீர்கள், பெரிய வழக்கைத் தொடங்காதீர்கள். ஆறும் எட்டும் பன்னிரண்டும் பேசுகிற காலத்தில் கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருந்தால், முதலில் வருகிற இழப்பை அது தாங்கும்.

அத்தை மகனுக்கு இந்த ஜோடி இன்னொரு முறை வருகிறது. செவ்வாய் தசையில் சூரிய புத்தி, அதுவும் அதே 4 மாதம் 6 நாள், 55 வயது தொடங்கி ஒரு மாதத்துக்குள். தேதியைக் கணக்குப் போட்டு அவனிடம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, பட்டறைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தான். கீழேயே, அதற்கு முந்தைய வருடம் எவ்வளவு சேமிப்பு இருக்க வேண்டும் என்றும் எழுதினான்.